வாய்க்கால் தலையும் கடையும்: டவ்-பி, காமா, சோமர்ஸ் டி ஆகியவற்றில் எதைப் போடுவது?

இறுதியாண்டு ஆய்வு எழுதும் காலம் வந்தால் கிளிநொச்சிப் பக்கத்து மாணவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். குளத்துக் கீழ் வயல்களில் கருத்துக்கணிப்பு எடுத்திருப்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் முதலில் எட்டும் தலையிலா, நடுவிலா, கடைசியில் எட்டும் கடையிலா காணி இருக்கிறது என்பது ஒரு பத்தி, விளைச்சல் எந்தத் தரம் என்பது மற்றப் பத்தி. எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் குறுக்கு அட்டவணைக்குப் போய், கண்ணில் பட்ட பெட்டிகள் எல்லாவற்றையும் டிக் பண்ணியிருப்பார்கள். இரண்டுக்கும் தொடர்பு எவ்வளவு பலம் என்று சொல்லும் நான்கைந்து எண்கள் வெளியே வரும்: ஒன்று 0.47, ஒன்று 0.69. "எதை எழுதிறது? பெரியதை எழுதலாமா?"

பெரியதை எழுதலாம், அது பொய்யும் அல்ல. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். இந்த எண்கள் எல்லாமே ஒரே எண்ணிக்கையிலிருந்து பிறப்பவை. ஆட்களை இருவர் இருவராக ஒப்பிடும்போது சமமாகிப்போன சோடிகளை என்ன செய்கிறோம் என்பதில் மட்டுமே அவை பிரிகின்றன.

## முதலில் என்ன பார்க்க வேண்டும்

அளவையைத் தேடுவதற்கு முன் உங்கள் தரவைப் பற்றி மூன்று விடயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, திசை. ஒன்று மற்றதைப் பாதிக்கிறது என்று கேட்கிறீர்களா, அல்லது இரண்டும் சேர்ந்து போகின்றனவா என்று மட்டும் கேட்கிறீர்களா? காணி இருக்கும் இடம் விளைச்சலைப் பாதிக்கலாம். விளைச்சல் காணியை நகர்த்தாது. இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே நெல்லைத் தரம்பிரித்தால் அப்படி முன்பின் கிடையாது.

இரண்டாவது, சமம் எங்கிருந்து வந்தது. இரண்டு கமக்காரர் இருவருமே "நடுத்தரம்" என்றால், உண்மையிலேயே ஒரே அளவு விளைந்ததா, அல்லது நீங்கள் மூன்று பெட்டி மட்டும் கொடுத்ததால் ஒரே பெட்டிக்குள் விழுந்தார்களா? இடத்தில் வரும் சமம் இன்னொரு வகை. ஒரே பகுதியில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான், வயல் அல்ல.

மூன்றாவது, இந்த எண்ணை வேறொன்றோடு ஒப்பிடப் போகிறீர்களா? சிறுபோகத்தைக் காலபோகத்தோடு, இரணைமடுவை முத்தையன்கட்டோடு ஒப்பிடுவதென்றால் பெட்டிகளின் எண்ணிக்கை மாறும்போது ஆடாத அளவை வேண்டும்.

## ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள், கள ஆய்வில் எடுத்தவை அல்ல. இரணைமடுப் போன்ற ஒரு குளத்தின் வாய்க்காலில் 20 காணிகள், சிறுபோகம்.

| காணி இருக்கும் பகுதி | குறைவு | நடுத்தரம் | அதிகம் | மொத்தம் |
|---|---|---|---|---|
| கடை | 4 | 2 | 0 | 6 |
| நடு | 2 | 4 | 1 | 7 |
| தலை | 1 | 3 | 3 | 7 |
| மொத்தம் | 7 | 9 | 4 | 20 |

20 பேரில் இருவர் இருவராக எடுத்தால் 190 சோடிகள். தலைப்பகுதிக்குக் கிட்ட இருப்பவருக்கே விளைச்சல் தரமும் உயர்வு என்றால் அது இசைவுச் சோடி. தலைக்குக் கிட்ட இருந்தும் தரம் தாழ்வு என்றால் முரண் சோடி.

கையால் எண்ணுவது கஷ்டமில்லை. இசைவுக்கு, ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குக் கீழேயும் வலப்பக்கமும் இருக்கும் கட்டங்களின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். கடை-குறைவு 4 பேர். அவர்களுக்குக் கீழே வலப்பக்கம் 4 + 1 + 3 + 3 = 11 பேர், ஆக 44 சோடி. கடை-நடுத்தரம் 2 × 4 = 8. நடு-குறைவு 2 × 6 = 12. நடு-நடுத்தரம் 4 × 3 = 12. மொத்தம் 76 இசைவு.

முரணுக்குக் கீழேயும் இடப்பக்கமும் பார்க்க வேண்டும். கடை-நடுத்தரம் 2 × 3 = 6, நடு-நடுத்தரம் 4 × 1 = 4, நடு-அதிகம் 1 × 4 = 4. மொத்தம் 14.

இசைவும் முரணும் சேர்ந்து 90. மிச்சம் 100 சோடி ஏதோ ஒரு வகையில் சமம். ஒரே பகுதியில் இருக்கும் சோடிகள் 15 + 21 + 21 = 57. ஒரே விளைச்சல் தரத்தில் இருக்கும் சோடிகள் 21 + 36 + 6 = 63. இரண்டிலும் சமமான 20 சோடிகள் இந்த இரண்டு எண்ணிக்கையிலும் வந்துவிட்டன, அதனால் 57 + 63 − 20 = 100. கணக்குச் சரி.

எல்லா அளவைக்கும் மேலே இருப்பது ஒன்றுதான்: 76 − 14 = 62. கீழே எதைப் போடுகிறோம் என்பதில்தான் சண்டை.

| அளவை | வகுக்கும் எண் | பெறுமானம் |
|---|---|---|
| டவ்-ஏ | எல்லாச் சோடியும், 190 | 0.33 |
| காமா | சமமில்லாத சோடிகள், 90 | 0.69 |
| டவ்-பி | 133 × 127 இன் வர்க்கமூலம், 129.97 | 0.48 |
| டவ்-சி | பெட்டி எண்ணிக்கையைப் பொறுத்தது | 0.47 |
| சோமர்ஸ் டி | இடத்தில் வேறுபட்ட சோடிகள், 133 | 0.47 |

133 என்பது 190 − 57, அதாவது வேறு வேறு பகுதியில் இருக்கும் சோடிகள். 127 என்பது 190 − 63, வேறு வேறு தரத்தில் இருப்பவை. சமமே இல்லாத தரவில் டவ்-ஏ, காமா, டவ்-பி, சோமர்ஸ் டி நான்கும் ஒரே எண்ணைத்தான் தரும். சமம் வரும்போதுதான் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது.

## டவ்-ஏ

மோரிஸ் கெண்டல் 1938 இல் தந்த மூல வடிவம். சமமான சோடி ஒவ்வொன்றையும் பூச்சியமாக எண்ணி, ஆனால் வகுப்பதில் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் தரவில் 57 சோடிகள் இடத்திலேயே சமம் என்பதால், விளைச்சல் எப்படி அமைந்தாலும் டவ்-ஏ 133/190 ஐ, அதாவது 0.70 ஐத் தாண்ட முடியாது. 0.33 என்று அறிக்கையில் எழுதினால் வாசிப்பவர் 1 ஐ உச்சமாக வைத்துத்தான் அளப்பார். சமம் அரிதாக வரும் அளவீடுகளுக்கு, உதாரணமாக நிறுத்து எடுத்த கிலோகிராமுக்கு, இது போதும். தரப்பெட்டிகளுக்கு வேண்டாம்.

## காமா

1954 இல் குட்மனும் குரூஸ்கலும் முன்வைத்தது. சமமான சோடிகளைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்க்கிறது. அதன் பொருள் தெளிவானது: வேறுபாடு தெரிகிற 90 சோடியில் 84 சதவீதம் இசைவு, 16 சதவீதம் முரண், வித்தியாசம் 0.69. விளக்கிச் சொல்ல இதைவிட இலகுவான அளவை இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் இதில் ஆசை.

அதற்குக் கொடுக்கும் விலை மறைவாக இருக்கிறது. விளைச்சலில் "குறைவு", "நடுத்தரம்" இரண்டையும் ஒன்றாக்கி "அதிகம்" ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம் என்று மாற்றிப் பார்ப்போம். அட்டவணை சுருங்கும்போது பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

| காணி இருக்கும் பகுதி | அதிகம் அல்ல | அதிகம் |
|---|---|---|
| கடை | 6 | 0 |
| நடு | 6 | 1 |
| தலை | 4 | 3 |

இசைவு 24 + 18 = 42, முரண் 4. காமா 38/46, அதாவது 0.83. தகவலை எறிந்திருக்கிறோம், ஆனால் தொடர்பு "பலமடைந்து" விட்டது! அதே நேரத்தில் டவ்-பி 0.48 இலிருந்து 0.41 ஆகக் குறைகிறது, சோமர்ஸ் டி 0.47 இலிருந்து 0.29 ஆகக் குறைகிறது. பெட்டிகளைச் சேர்த்தால் காமா எப்போதும் கூடும் என்று விதி இல்லை. "நடுத்தரம்", "அதிகம்" இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 0.67 தான் வரும். எந்த இடத்தில் வெட்டுகிறீர்கள் என்பது விடையைத் தீர்மானிக்கிறது, வெட்டுவதோ ஆய்வாளர் கையில்.

இன்னும் ஒரு படி போவோம். நடுப்பகுதியை விட்டுவிட்டுத் தலையையும் கடையையும் மட்டும் ஒப்பிட்டால், இசைவு 6 × 3 = 18, முரண் 0 × 4 = 0. காமா 1. முழுமையான தொடர்பு என்று அச்சாகும். ஆனால் தலைப்பகுதியில் ஏழு பேரில் நான்கு பேருக்கு விளைச்சல் அதிகம் இல்லை. ஒரு கட்டத்தில் பூச்சியம் விழுந்தால் போதும், இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் காமா உச்சத்தில் போய் உட்கார்ந்துவிடும். கடைப்பகுதியில் ஆறு பேரை மட்டும் கேட்டால் பூச்சியம் விழுவது அதிசயமும் இல்லை. அறிக்கையில் காமா 1 ஐக் கண்டால் முதலில் கட்டங்களைத்தான் பாருங்கள்.

அப்படியென்றால் காமா எங்கே பொருந்தும்? சமம் என்பது அளக்கும் கருவியின் குறை மட்டுமே, அதில் வேறு செய்தி இல்லை என்று நியாயப்படுத்த முடிகிற இடத்தில். நெல் வாங்கும் இருவர் ஒரே மூட்டைகளைத் தரம்பிரிக்கிறார்கள், இருவரிடமும் மூன்றே தரம். "இருவருமே வித்தியாசம் கண்ட மூட்டைகளில் எவ்வளவுக்கு ஒத்துப்போகிறார்கள்" என்பது கேள்வி என்றால் காமா நேரான பதில். அப்போதும் எத்தனை சோடி கணக்கில் வந்தது, எத்தனை விடுபட்டது என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். எங்கள் உதாரணத்தில் பாதிக்கு மேல் விடுபட்டிருக்கிறது.

## டவ்-பி

சமங்களைக் கையாள்வது பற்றி 1945 இல் கெண்டல் எழுதியதிலிருந்து பரவலானது. ஒவ்வொரு சோடிக்கும் இடத்தில் +1, 0, −1 என்றும், விளைச்சலில் அதேபோல +1, 0, −1 என்றும் குறியிட்டு, அந்த இரண்டு குறிகளுக்கும் சாதாரண இணைபுக் குணகம் எடுத்தால் கிடைப்பதுதான் டவ்-பி. இரண்டு மாறிகளையும் சமமாக நடத்துவதால் திசை இல்லாத கேள்விக்கு இயல்பானது. ஆர் மொழியில் `cor(x, y, method = "kendall")` என்று அடித்தாலும், பைதனில் `kendalltau(x, y)` என்று அடித்தாலும் வருவது இதுதான். ஒன்றும் சொல்லாமல் "கெண்டல்" என்று எழுதியிருக்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் இதையே குறிக்கிறார்கள்.

இதன் குறை, பெட்டிகளின் எண்ணிக்கை இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் 1 ஐ எட்டாது. மூன்றுக்கு இரண்டாகச் சுருக்கிய அட்டவணையை எடுங்கள். "அதிகம்" பெற்ற நான்கு பேரும் தலைப்பகுதியிலேயே இருந்திருந்தால் அதைவிட நல்ல ஒழுங்கு சாத்தியமில்லை. அப்போது இசைவு 4 × 13 = 52, முரண் பூச்சியம். ஆனாலும் டவ்-பி 52/92.26, அதாவது 0.56 தான். நாம் பெற்ற 0.41 ஐ 1 இற்கு எதிராக வைத்தால் சுமாரான தொடர்பு போலத் தெரியும், 0.56 இற்கு எதிராக வைத்தால் அப்படி இல்லை. வரிசை, பத்தி எண்ணிக்கை சமமாக இருந்தாலும் ஓரத்து மொத்தங்கள் வேறுபட்டால் இதே தடை இருக்கும். ஒரு குளத்தில் மூன்று தரம், இன்னொன்றில் ஐந்து தரம் வைத்துக் கேட்டுவிட்டு இரண்டு டவ்-பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் இந்தச் சிக்கல் இருக்கிறது.

## டவ்-சி

அந்தத் தடையைத் தளர்த்த ஸ்டூவர்ட் 1953 இல் தந்தது. வரிசை, பத்தி இரண்டில் எது சிறியதோ அந்த எண்ணிக்கையையும் ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கத்தையும் கொண்டு வகுக்கிறது. எங்கள் முதல் அட்டவணையில் 2 × 3 × 62 ஐ 400 × 2 ஆல் வகுத்தால் 0.465. சதுரமில்லாத அட்டவணைக்கு இதைப் பரிந்துரைப்பது வழக்கம். எனக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை. ஓரத்து மொத்தங்கள் சமமாகப் பரவியிருந்தால்தான் இது 1 ஐ நெருங்கும், மேலே சொன்ன "சிறந்த ஒழுங்கு" நிலையில்கூட 0.52 தான் வருகிறது. சோடிகளின் மொழியில் விளக்கிச் சொல்லவும் இலகு இல்லை.

## சோமர்ஸ் டி

வாய்க்கால் கேள்விக்கு என் தெரிவு இதுதான். 1962 இல் சோமர்ஸ் முன்வைத்தது, திசை உள்ளது. இடம் காரணி, விளைச்சல் விளைவு என்று வைத்தால், ஒரே பகுதியில் இருக்கும் 57 சோடிகளும் கேள்விக்கே வெளியே போய்விடுகின்றன. இரண்டு தலைப்பகுதிக் காணிகளை ஒப்பிட்டு இடத்தின் பாதிப்பைப் பற்றி ஒன்றும் அறிய முடியாது, அவற்றை விடுவது நியாயம். ஆனால் ஒருவர் தலையிலும் ஒருவர் கடையிலும் இருந்தும் விளைச்சல் ஒரே தரம் என்றால் அது வெறுமை அல்ல, ஒரு செய்தி. இடம் மாறியும் தரம் மாறவில்லை. அந்தச் சோடிகளைச் சோமர்ஸ் டி வைத்துக்கொள்கிறது. காமா அவற்றையும் சேர்த்து எறிகிறது.

எண்ணிப் பார்த்தால் 133 சோடியில் 76 இசைவு, 14 முரண், 43 இல் வித்தியாசம் இல்லை. இதைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் சொல்லலாம்: வெவ்வேறு பகுதிக் காணிகள் இரண்டை எழுந்தமானமாக எடுத்தால், நூற்றுக்கு 57 தடவை தலைக்குக் கிட்டியவருக்கு விளைச்சல் தரம் கூட, 11 தடவை குறைவு, 32 தடவை ஒன்றுதான். முழுமைப்படுத்தாமல் 57.1 இலிருந்து 10.5 ஐக் கழித்தால் 46.6, அதுதான் அந்த 0.47.

இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் இது வெறும் வீத வித்தியாசமாகிவிடும். காமா 1 என்று சொன்ன அதே தலை-கடை ஒப்பீட்டில் தலைப்பகுதியில் 7 இல் 3 பேருக்கு அதிகம், கடையில் 6 இல் ஒருவருக்கும் இல்லை. சோமர்ஸ் டி 3/7, அதாவது 0.43. ஊகம் ஒன்றும் தேவையில்லை.

மறைந்த செலவு இங்கும் உண்டு. திசையை மாற்றினால் எண் மாறும். விளைச்சலைக் காரணியாக வைத்தால் 62/127, அதாவது 0.49. எஸ்.பி.எஸ்.எஸ் மூன்று வரி தரும்: ஒன்று சமச்சீரானது, மற்ற இரண்டிலும் எது விளைவு மாறி என்று பக்கத்தில் எழுதியிருக்கும். விளைச்சல் விளைவாக இருக்கும் வரியை எடுங்கள். பைதனில் அட்டவணையை நேரடியாகக் கொடுக்கலாம், வரிசைகள் காரணியாக எடுக்கப்படும்:

```
from scipy.stats import somersd
t = [[4, 2, 0], [2, 4, 1], [1, 3, 3]]
print(somersd(t).statistic)
```

0.466 வந்தால் சரி. 0.488 வந்தால் அட்டவணை திரும்பியிருக்கிறது.

உங்கள் கேள்விக்குத் திசை இல்லை என்றால் சோமர்ஸ் டியை விடுங்கள். நீர்ப்பங்கீட்டில் திருப்தியும் அமைப்பில் நம்பிக்கையும் எப்படிச் சேர்ந்து போகின்றன என்று கேட்டால் எது முந்தியது என்று யார் சொல்வது? அங்கே டவ்-பி.

## எதைத் தெரிவு செய்தாலும் காலை வாருபவை

முதலாவதில் கணினி எச்சரிக்கை ஒன்றும் தராது. தமிழில் பெட்டிப் பெயர்களை அடித்து ஆரில் `factor` ஆக்கினால் அது அகரவரிசையில் அடுக்கும்: அதிகம், குறைவு, நடுத்தரம். பகுதிகள் கடை, தலை, நடு என்று வரும். ஏறுவரிசை குலைந்துவிட்டது, ஆனால் மொத்தங்கள் மாறவில்லை, சமங்களும் அதே 100 தான். எங்கள் தரவை அந்த வரிசையில் எண்ணினால் இசைவு 50, முரண் 40, டவ்-பி 0.08. தொடர்பே இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம்! வரிசையை நாங்களே கொடுக்க வேண்டும்:

```
pahuthi <- factor(pahuthi, levels = c("கடை", "நடு", "தலை"))
vilaichal <- factor(vilaichal, levels = c("குறைவு", "நடுத்தரம்", "அதிகம்"))
```

பிறகு `table` ஐ அச்சிட்டு, தலைப்புகள் எதிர்பார்த்த ஒழுங்கில் நிற்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டே, இரண்டையும் `as.numeric` ஆல் எண்ணாக்கிக் குணகத்துக்குப் போங்கள்.

இரண்டாவது, நிகழ்தகவுப் பெறுமானம். `cor.test` ஐ ஓட்டும்போது "Cannot compute exact p-value with ties" என்று வந்தால் பிழை நடந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சமம் இருப்பதால் அண்ணளவான முறைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 20 காணி, பாதிச் சோடி சமம் என்ற நிலையில் அந்த அண்ணளவை இறுக்கமாக நம்பவும் வேண்டாம். 190 சோடி என்றாலும் ஆட்கள் 20 பேர்தான். ஒரே கிளைவாய்க்காலில் அடுத்தடுத்த காணிகள் என்றால் ஒரே நாள் தண்ணீர், ஒரே மடை. அவர்களைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணும் எந்தச் சோதனையும் நம்பிக்கையைக் கூட்டிக் காட்டும்.

மூன்றாவது, பெட்டியே தேவையா என்பது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டு எழுதியிருந்தால் அதைத் தரமாக்கிச் சுருக்காதீர்கள். ஆட்கள் 20, 25, 30 என்று முழுமைப்படுத்தித்தான் சொல்வார்கள், அதனால் சமம் அப்போதும் வரும், ஆனால் மூன்று பெட்டியில் வருகிற அளவுக்கு வராது. விளைச்சலில் சமம் குறைய, சோமர்ஸ் டியும் காமாவும் ஒன்றையொன்று நெருங்கும். எதைப் போடுவது என்ற தலையிடியும் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். களத்துக்குப் போகாதவர்கள் வினாக்கொத்தைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.